லைன் 300 மெகாபிட், வேகம் 84: சிறு அலுவலக ஃபயர்வாலைச் சோதித்துச் சரிசெய்யும் வழி

காரைக்குடியில், செக்காலை ரோட்டுக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு பழைய வளவு வீட்டின் முன்கட்டில் எங்கள் தணிக்கை அலுவலகம் இருக்கிறது. 16 பேர் வேலை செய்கிறோம். கணினி, நெட் சம்பந்தப்பட்ட எல்லாம் என் பொறுப்பு. போன வருடம் ஃபைபர் லைனை 100 மெகாபிட்டிலிருந்து 300-க்கு மாற்றினோம். பில் ஏறியது, வேகம் ஏறவில்லை. எத்தனை முறை சோதித்தாலும் 84-ஐத் தாண்டாது. நான்கு மாதம் லைன்காரரையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாவது முறை வந்தபோது அவர் தன் கருவியைக் காட்டிச் சொன்னார்: "அண்ணே, என் பக்கம் 290 வருது. உங்க பெட்டிக்குள்ள போனப்புறம் என்ன ஆகுதுன்னு நீங்கதான் பாக்கணும்."

அவர் சொன்னது சரி. தடை எங்கள் ஃபயர்வாலில்தான் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்குப் பல வாரங்கள் ஆயின. கீழே உள்ள வரிசையில் போனால் உங்களுக்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

முதலில், ஏன் இப்படி ஆகிறது

சாதாரண ஃபயர்வால் வேலை தபால் உறையின் முகவரியைப் பார்ப்பது போன்றது. ஓர் இணைப்பின் முதல் பாக்கெட்டைப் பார்த்து, போகலாம் என்று முடிவு செய்து, அதை ஒரு பட்டியலில் குறித்துக்கொள்ளும். அதே இணைப்பில் பின்னால் வருபவை பெட்டியின் பிராசஸரைத் தொந்தரவு செய்யாமல் வன்பொருளில் உள்ள குறுக்குவழியில் போய்விடும். அதனால்தான் சிறிய பெட்டிகூட நொடிக்கு ஆயிரம் மெகாபிட்டைத் தள்ளிவிடுகிறது.

ஆழ்ந்த சோதனையை இயக்கினால் கதை மாறும். திரையில் இதற்கு `IPS` அல்லது `Intrusion Prevention` என்று பெயர் இருக்கும். தமிழில் ஊடுருவல் தடுப்பு என்று சொல்லலாம். இப்போது பெட்டி ஒவ்வொரு உறையையும் பிரித்து, துண்டு துண்டாக வந்ததை வரிசைப்படுத்திச் சேர்த்து, ஆயிரக்கணக்கான தாக்குதல் அடையாளங்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பல சிறிய பெட்டிகளில் குறுக்குவழி அடைபட்டு, எல்லாமே பிராசஸர் வழியாகப் போகும். பிராசஸர் எவ்வளவு முடிக்கிறதோ அதுதான் உங்கள் அலுவலகத்தின் வேகம். லைன் 300 ஆனாலும் 1,000 ஆனாலும் அந்த எண் மாறாது.

இதில் இன்னொன்று உண்டு. அந்தத் திறன் வருவது, போவது இரண்டுக்கும் சேர்த்தது. எங்களுக்குக் காலை 10:30-க்கு மட்டும் நெட் படுத்துவிடும். காரணம், கோப்புச் சேமிப்புப் பெட்டி அந்த நேரத்தில்தான் வெளி சர்வருக்கு நகல் அனுப்பும். அது 60 மெகாபிட்டை எடுத்துக்கொண்டால், மீதி 24-ல்தான் 16 பேரும் வேலை பார்க்க வேண்டும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நான்கு விஷயங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். லைனின் கடைசி பில்லில் இருக்கும் திட்டத்தின் பெயரும் வேகமும். லைனுக்குள் நுழையும் பிபிபிஓஇ இணைப்புக்கான பயனர் பெயரும் கடவுச்சொல்லும். ஃபயர்வாலின் சரியான மாடல் எண். அதன் உரிமம் முடியும் தேதி.

இரண்டாவதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஃபைபர் பெட்டி பிரிட்ஜ் முறையில் இருந்தால், அதாவது லைனுக்குள் நுழையும் வேலையை ஃபயர்வாலுக்கு விட்டிருந்தால், லைனுக்குள் நுழையும் கடவுச்சொல் ஃபயர்வாலுக்குள்தான் இருக்கும், திரையில் புள்ளி புள்ளியாக மட்டும் தெரியும். மடிக்கணினியை நேராகச் செருகிச் சோதிக்க அது கட்டாயம் வேண்டும். லைன் கொடுத்தவரிடம் முன்னாலேயே கேட்டு வாங்குங்கள். எங்களுக்கு இரண்டு நாள் ஆனது. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டவரே கேட்க வேண்டும் என்றார்கள்.

உரிமத் தேதியையும் அலட்சியம் செய்யாதீர்கள். எங்களுடையது ஏழு மாதம் முன்பே முடிந்திருந்தது. புதிய அடையாளங்கள் வருவது நின்றுவிட்டது, ஆனால் பழைய அடையாளங்களை வைத்து ஒப்பிடும் வேலை நடந்துகொண்டே இருந்தது. பாதுகாப்பு பழசாகிவிட்டது, வேகத்தை மட்டும் முழுதாக இழந்துகொண்டிருந்தோம்.

எதையும் தொடும் முன் ஃபயர்வாலின் அமைப்புகளை நகல் எடுத்து, பென்டிரைவில் ஒரு பிரதியும் இன்னொரு கணினியில் ஒரு பிரதியும் வையுங்கள். இது ஐந்து நிமிட வேலை.

2. நாளும் நேரமும்

தணிக்கை அலுவலகம் என்றால் 11-ஆம் தேதியையும் 20-ஆம் தேதியையும் ஒட்டி இதில் கை வைக்கவே வைக்காதீர்கள். ஜிஎஸ்டிஆர்-1, ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் நாட்களில் நெட் அரை மணி நேரம் நின்றாலும் கட்சிக்காரர்களுக்குப் பதில் சொல்ல முடியாது. ஜூலைக் கடைசி வாரமும் அப்படித்தான். 23-க்கு மேல் ஒரு சனிக்கிழமை, எல்லோரும் கிளம்பிய பிறகு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

மாலை நேரத்தில் ஃபைபர் லைனே கொஞ்சம் இறங்கலாம். அதனால் நேர் சோதனையையும் ஃபயர்வால் வழிச் சோதனையையும் பத்து நிமிட இடைவெளிக்குள் செய்யுங்கள். ஒவ்வொன்றையும் மூன்று முறை செய்து நடு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

3. கேபிளைச் சந்தேகியுங்கள்

வைஃபையில் சோதிக்கவே வேண்டாம். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளின் சுவர் கனம் உங்களுக்குத் தெரியும். முகப்பில் வைத்த வைஃபை இரண்டாம் கட்டுக்குப் போவதற்குள் பாதியாகிவிடும். கேபிள் செருகிய மடிக்கணினிதான் சோதனைக்கு உகந்தது.

ஆனால் கேபிளும் பொய் சொல்லும். உள்ளே இருக்கும் நான்கு ஜோடிக் கம்பிகளில் ஒன்று அறுந்தாலும் இணைப்பு 1,000-லிருந்து 100-க்கு இறங்கிவிடலாம், எந்த எச்சரிக்கையும் வராது. அப்போது சோதனையில் 93, 94 என்று ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்த எண்ணைப் பார்த்தால் முதலில் கேபிளைப் பாருங்கள். விண்டோஸ் கணினியில் பவர்ஷெல் திறந்து இதைக் கொடுங்கள்:

```
Get-NetAdapter | Format-Table Name, LinkSpeed
```

`1 Gbps` என்று வர வேண்டும். `100 Mbps` என்று வந்தால் கேபிளையோ முனையையோ மாற்றுங்கள். ஃபயர்வாலின் திரையிலும் ஒவ்வொரு போர்ட்டின் இணைப்பு வேகமும் தெரியும். ஃபைபர் பெட்டிக்குப் போகும் போர்ட், சுவிட்சுக்குப் போகும் போர்ட் இரண்டையும் பாருங்கள்.

எங்களிடம் இந்தக் கோளாறும் இருந்தது. வீட்டுக்கார ஆச்சி, "சுவத்துல ஓட்டை மட்டும் போட்ராதீக தம்பி" என்று முதலிலேயே சொல்லிவிட்டதால், கேபிள் நிலைக்கதவின் இடுக்கு வழியாகப் போனது. கதவு மூடி மூடி அது நசுங்கி, 100-ல் இணைந்திருந்தது. புதுக் கேபிளை ஜன்னல் வழியாகச் சுற்றிக் கொண்டுபோனேன். 1,000-ல் இணைந்தது. வேகம் மட்டும் அதே 84. இரண்டு தடைகள் ஒன்றின்பின் ஒன்றாக இருந்தால் இப்படித்தான் ஆகும். கேபிள் 94 வரை விட்டது, ஃபயர்வால் 84-லேயே நிறுத்திவிட்டது. சிறிய தடை இருக்கும்வரை பெரிய தடையைச் சரிசெய்ததன் பலன் தெரியாது. ஒரு கோளாறைச் சரிசெய்தும் எண் மாறவில்லை என்றால் அந்த வேலை வீண் என்று எண்ணிவிடாதீர்கள்.

4. ஃபயர்வாலை விட்டுவிட்டு நேராகச் சோதியுங்கள்

ஃபைபர் பெட்டியிலிருந்து ஃபயர்வாலுக்குப் போகும் கேபிளைப் பிடுங்கி மடிக்கணினியில் செருகுங்கள். பிரிட்ஜ் முறை என்றால் விண்டோஸில் பிபிபிஓஇ இணைப்பு ஒன்றை உருவாக்கி உள்ளே நுழையுங்கள். நுழைய மறுத்தால், பழைய கருவியின் முகவரி லைன் பக்கம் இன்னும் நினைவில் இருக்கலாம். ஃபைபர் பெட்டியை அணைத்து, ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள்.

இந்த நேரத்தில் மடிக்கணினிக்கு முன்னால் எந்தக் காவலும் இல்லை. விண்டோஸ் ஃபயர்வால் இயங்குகிறதா, நெட்வொர்க் வகை `Public` என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். கட்சிக்காரர்களின் கோப்புகள் உள்ள கணினியை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். பத்து நிமிடத்தில் சோதித்துவிட்டுக் கழற்றிவிடுங்கள்.

எங்களுக்கு நேராக 294 வந்தது. இந்த எண்ணும் குறைவாக வந்தால் லைன்காரரைக் கூப்பிடுங்கள், இந்தக் கட்டுரையின் மீதி உங்களுக்குத் தேவையில்லை.

5. ஃபயர்வால் வழியாக: பிராசஸரின் ஒவ்வொரு கோரையும் பாருங்கள்

கேபிளைப் பழையபடி செருகி, எல்லாம் இயங்கும் நிலையில் மறுபடி சோதியுங்கள். சோதனை ஓடும்போது இன்னொரு கணினியில் ஃபயர்வாலின் பிராசஸர் பயன்பாட்டைத் திறந்து வைத்திருங்கள்.

இந்தப் படியில்தான் நான் அதிக நாள் ஏமாந்தேன். பெட்டியின் முகப்புத் திரை 28 சதவீதம் என்று காட்டியது. பிராசஸர் பாதிகூட வேலை செய்யவில்லையே, இது எப்படித் தடையாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். அது பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் நான்கு கோர்களின் சராசரி. ஒரே ஒரு பதிவிறக்கம் நடக்கும்போது, அந்த இணைப்பு முழுவதையும் பொதுவாக ஒரே கோர்தான் சோதிக்கும். அந்த ஒன்று 100 சதவீதத்தில் திணறும், மற்ற மூன்றும் சும்மா இருக்கும், சராசரி 28 என்று வரும்.

கோர்வாரியாகப் பார்க்க வழி இருந்தால் அதையே பாருங்கள். லினக்ஸ் அடிப்படையிலான பெட்டிக்குள் நுழைய முடிந்தால் `top` கொடுத்து, `1` என்ற விசையைத் தட்டினால் ஒவ்வொரு கோரும் தனியாகத் தெரியும். ஃப்ரீபிஎஸ்டி அடிப்படையிலானது என்றால் `top -P`. ஒரு கோர் முழுவதும் நிரம்பி நின்றால் சோதனைதான் தடை என்பது கிட்டத்தட்ட உறுதி.

வேகச் சோதனைத் தளத்தை மட்டும் நம்ப வேண்டாம். அது ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறப்பதால் கோர்களுக்குள் சுமை பிரிந்துவிடும், எண் நன்றாகத் தெரியும். தனியாக ஒரு பெரிய கோப்பையும் இறக்கிப் பாருங்கள். பிரவுசர் காட்டுவது மெகாபைட், அதை 8-ஆல் பெருக்கினால்தான் மெகாபிட். எங்களுக்கு வேகச் சோதனையில் 84, ஒற்றைக் கோப்பில் நொடிக்கு 6 மெகாபைட், அதாவது 48 மெகாபிட்தான்.

6. ஒவ்வொன்றாக அணைத்து எழுதுங்கள்

இப்போது ஒரு நேரத்தில் ஒரே ஒரு வசதியை அணையுங்கள். அணைத்தவுடன் எண் மாறாவிட்டால் பெட்டியை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்புகள் பழைய வழியிலேயே போகும், சில பெட்டிகளில் குறுக்குவழி மறுதொடக்கத்துக்குப் பிறகுதான் திரும்பும். நான் முதல்முறை மறுதொடக்கம் செய்யாமல் சோதித்து, ஊடுருவல் தடுப்புக்கும் வேகத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று தவறான முடிவுக்கு வந்தேன்.

எங்கள் தாளில் எழுதியது இவ்வளவுதான். எல்லாம் இயங்கும்போது 84. ஊடுருவல் தடுப்பை அணைத்து, எந்தச் செயலி எவ்வளவு பயன்படுத்துகிறது என்ற கணக்கை மட்டும் வைத்தபோது 210. அதையும் அணைத்தபோது 288. நேர் எண் 294 என்பதால் குற்றவாளி தெளிவாகிவிட்டது.

இன்னோர் இடத்தையும் பாருங்கள். வேகத்துக்கு வரம்பு வைக்கும் ட்ராஃபிக் ஷேப்பிங் பக்கத்தில், லைன் 100 ஆக இருந்த காலத்தில் யாரோ 95 என்று உச்சவரம்பு போட்டு வைத்திருக்கலாம். லைனை உயர்த்தும்போது அதை மாற்ற யாருக்கும் நினைவு வராது. எங்களுக்கு இல்லை, ஆனால் தேவகோட்டையில் நண்பர் கடையில் கோளாறே அதுதான்.

சோதனை முடிந்ததும் அணைத்த எல்லாவற்றையும் திரும்ப இயக்கிவிட்டு வீட்டுக்குப் போங்கள். வேகம் வந்த சந்தோஷத்தில் அப்படியே விட்டுவிடாதீர்கள்.

7. வாங்காமல் எவ்வளவு மீட்கலாம்

ஊடுருவல் தடுப்பு எதைப் பார்க்கிறது என்று தெரிந்தால்தான் எதைக் குறைக்கலாம் என்று முடிவு செய்ய முடியும். இன்றைய இணையப் போக்குவரத்தில் பெரும்பகுதி மறையாக்கம் செய்யப்பட்டது. அந்த மறையாக்கத்தைப் பிரித்துப் பார்க்கும் வசதியை நீங்கள் இயக்கவில்லை என்றால், பெட்டிக்குத் தெரிவது எந்தத் தளத்துக்குப் போகிறது என்பதும் அதன் முகவரியும்தான். உள்ளே இருப்பது தெரியாது. பிரித்துப் பார்க்க வேண்டுமானால் ஒவ்வொரு கணினியிலும் ஃபயர்வாலின் சான்றிதழைப் பதிக்க வேண்டும், வேகம் இன்னும் விழும், வங்கித் தளங்களையும் அரசுத் தளங்களையும் விலக்குப் பட்டியலில் சேர்க்க வேண்டும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனோடு வேலை செய்யும் எங்களைப் போன்ற அலுவலகத்துக்கு அது ஒத்துவரவில்லை.

அதனால் இரண்டு வேலை செய்தேன். முதலாவது, அடையாளத் தொகுப்புகளைக் குறைத்தது. எங்களிடம் வெப் சர்வர் இல்லை, மெயில் சர்வர் இல்லை, இணையத் தொலைபேசி இல்லை. அவற்றுக்கான தொகுப்புகளை நீக்கினேன். பயனர் கணினிகளைத் தாக்குபவை, தீநிரல்கள் வெளியே தொடர்புகொள்பவை ஆகிய தொகுப்புகளை வைத்துக்கொண்டேன். 84 என்பது 126 ஆனது.

இரண்டாவது, நகல் எடுக்கும் போக்குவரத்துக்கு விலக்கு. சேமிப்புப் பெட்டியின் முகவரியிலிருந்து, அந்த ஒரு வெளி சர்வரின் முகவரிக்கு மட்டும் சோதனை இல்லாமல் போகும்படி விதி எழுதினேன். அது எங்களிடமிருந்து ஏற்கெனவே மறையாக்கமாகப் போகிறது, ஃபயர்வால் அதைச் சோதித்து எதுவும் கண்டுபிடிக்கப் போவதில்லை. நேரத்தையும் இரவு 9 மணிக்கு மாற்றினேன். காலை 10:30 பிரச்சினை அன்றோடு தீர்ந்தது. விலக்கை எப்போதும் இரண்டு முனையையும் குறிப்பிட்டுக் குறுகலாக எழுதுங்கள். சேமிப்புப் பெட்டி எங்கே போனாலும் விடு என்று எழுதினால், நாளை அதில் தீநிரல் புகுந்தாலும் ஃபயர்வால் வாயைத் திறக்காது.

எதை அணைக்கக் கூடாது என்றும் சொல்லிவிடுகிறேன். வெளியிலிருந்து உள்ளே வரும் வழி ஏதாவது திறந்திருந்தால் அதன் மேல் சோதனை இருந்தே ஆக வேண்டும். டாலி சர்வரை வீட்டிலிருந்து பார்க்க, ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 போர்ட்டைத் திறந்து வைத்திருக்கும் அலுவலகங்கள் நம் ஊரில் பல உண்டு. வேகத்துக்காக ஊடுருவல் தடுப்பை அணைக்கும் முன் அதை மூடி, விபிஎன் வழியாக வரும்படி மாற்றுங்கள். ஃபயர்வால் எழுதிவைக்கும் பதிவுகளான லாகுகளையும் நிறுத்தாதீர்கள். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, லாகுகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது.

8. புதுப் பெட்டி என்றால், தகவல் தாளில் எந்த வரி?

126 போதும் என்றால் இங்கேயே நிறுத்திவிடலாம். 16 பேர் கணக்கு வேலைக்கு அது தாராளம். அப்படி முடிவு செய்தால் லைனை மறுபடி 100-க்கு இறக்குங்கள். எங்கள் பில்லில் இரண்டு திட்டத்துக்கும் மாதம் 700 ரூபாய் வித்தியாசம். பெட்டி விடாத வேகத்துக்கு நான்கு மாதத்தில் 2,800 ரூபாயும் வரியும் கட்டியிருந்தோம். ஸ்கேன் கோப்புகள் பெரிதாகிக்கொண்டே போவதால் நாங்கள் வாங்கவே முடிவு செய்தோம்.

கடைக்காரர் முதலில் சொல்லும் எண் `Firewall Throughput`. பெரிய பாக்கெட்டுகளை எந்தச் சோதனையும் இல்லாமல் தள்ளும் வேகம் அது. உதாரணத்துக்கு, ஃபோர்ட்டிகேட் 40எஃப் மாடலின் தகவல் தாளில் அது 5 ஜிகாபிட். அதே தாளில் கீழே வாருங்கள். ஊடுருவல் தடுப்பு மட்டும் இயங்கினால் 1 ஜிகாபிட். அதோடு செயலிக் கட்டுப்பாடும் தீநிரல் சோதனையும் சேர்ந்த `Threat Protection Throughput` 600 மெகாபிட். மறையாக்கத்தைப் பிரிக்கும் `SSL Inspection Throughput` 310 மெகாபிட். ஒரே பெட்டிதான், முதல் எண்ணுக்கும் கடைசி எண்ணுக்கும் பதினாறு மடங்கு வித்தியாசம். எந்த நிறுவனத்தின் பெட்டியாக இருந்தாலும், நீங்கள் இயக்கப்போகும் வசதிக்கான வரியை மட்டும் படியுங்கள். அந்த வரியே இல்லாத தாள் என்றால், எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அந்த எண்ணும் ஆய்வகத்தில் வந்தது. அலுவலகத்தில் சற்றுக் குறையும், லாக் எழுதுவதும் கொஞ்சம் தின்னும். 300 லைனுக்கு, வேண்டிய வசதிகள் இயங்கும் வரியில் 500-க்குக் குறையாத பெட்டி என்பது என் கணக்கு.

செலவைப் பெட்டி விலையாகப் பார்க்காதீர்கள், மூன்று வருடக் கணக்காகப் பாருங்கள். மதுரையில் எங்களுக்குக் கிடைத்த விலைப்புள்ளி, ஒரு வருட உரிமத்தோடு 46,000. ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து 54,280. அதன்பின் ஒவ்வொரு வருடமும் உரிமத்துக்கு 19,000, வரி தனி. விலைப்புள்ளியில் உரிமத்தின் பெயர், தொடங்கும் தேதி, முடியும் தேதி மூன்றும் எழுதியிருக்க வேண்டும். பில்லில் அலுவலகத்தின் ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளீட்டு வரி வரவு போய்விடும்.

பணம் கொடுக்கும் முன் ஒரு வாரம் சோதனைக்குக் கேளுங்கள். முதலில் தயங்கினார்கள், பிறகு ஐந்து நாள் தந்தார்கள். உங்கள் லைனில், நீங்கள் வைத்திருக்கப்போகும் எல்லா வசதியும் இயங்கும் நிலையில், 5-ஆம் படியில் சொன்ன இரண்டு சோதனையையும் செய்யுங்கள். புதுப் பெட்டியில் எங்களுக்கு வேகச் சோதனை 281, ஒற்றைக் கோப்பு நொடிக்கு 27 மெகாபைட்.

மாற்றும் நாளில் யுபிஎஸ் முழுதாகச் சார்ஜ் ஆகியிருக்கட்டும். புதுப் பெட்டி நெட்டில் சேர்ந்தவுடன் ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கச் சொல்லும். பாதியில் கரண்ட் போனால் பெட்டி எழுந்திருக்காமல் போகலாம். பழைய பெட்டியை ஒரு மாதம் கழற்றிய நிலையில் அப்படியே வைத்திருங்கள். சோதனை எண்கள் எழுதிய தாளைப் புதுப் பெட்டியின் பக்கத்திலேயே ஒட்டிவையுங்கள். அடையாளத் தொகுப்புகள் மாதாமாதம் வளரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே மடிக்கணினி, அதே கேபிளில் அளந்து, தேதியோடு கீழே எழுதிவாருங்கள்.